பேசுபவருக்கு ஒரு தாள், கேட்பவருக்கு வேறொரு தாள்

அவைத் தலைவர் அவர்களுக்கும், இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் வணக்கம். வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏன் என்பது உரையின் நடுவில் தெரியவரும்.

எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் சிறியது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பின் முன்னால் நின்று இரண்டு நிமிடம் பேசுகிறார்கள். பேசி முடித்தவர் தன்னைத்தானே மதிப்பிட ஒரு படிவம் இருக்கிறது. கேட்ட பிள்ளைகள் அவரை மதிப்பிட இன்னொரு படிவம் இருக்கிறது. இந்த இரண்டு தாள்களையும் எப்படி எழுதுவது, எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இன்றைய பேச்சு. சின்ன விஷயம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2012-13இல் முப்பருவ முறையோடு தமிழ்நாட்டில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று மதிப்பெண் பிரிந்தது. அதன் பிறகு வகுப்பறைப் பேச்சும் மதிப்பிடத்தக்க செயல்பாடாகிவிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முன்வைத்த முன்னேற்ற அட்டையில் தன்மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆக, தாள் எப்படியும் வரும். வரும் தாள் உருப்படியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பள்ளிகளில் வழக்கமாகக் காணும் தாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் எட்டுப் பத்து வரிகள்: குரல் தெளிவு, உச்சரிப்பு, உடல்மொழி, கண் பார்த்துப் பேசுதல், கருத்தாழம், கோவை, மொழிநடை, தன்னம்பிக்கை, நேர மேலாண்மை. வலப்பக்கம் மூன்று கட்டங்கள்: மிக நன்று, நன்று, முயற்சி தேவை. சில இடங்களில் சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், சோக முகம். தலைப்பில் ‘தன்மதிப்பீட்டுப் படிவம்’ என்று இருக்கும். அதே தாளின் தலைப்பை மட்டும் மாற்றி, ‘அவர்’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘சக மாணவர் மதிப்பீட்டுப் படிவம்’ என்று இன்னொரு நகல் எடுத்திருப்பார்கள்.

எனக்குச் சண்டை இந்த நகலோடுதான். ஒரே பட்டியலை இருவருக்கும் கொடுப்பது தவறு. பேசுபவருக்குத் தெரியக்கூடியது வேறு, கேட்பவருக்குத் தெரியக்கூடியது வேறு. தெரிய முடியாத ஒன்றைக் கேட்டால் பிள்ளை ஊகிக்கும். ஊகித்துப் போட்ட குறியை நாம் மதிப்பீடு என்று அழைப்போம்.

‘என் குரல் எல்லோருக்கும் கேட்டது’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தன்மதிப்பீட்டுத் தாளில் இது இல்லாத பள்ளியை நான் பார்த்ததில்லை. ஆனால் கரும்பலகை அருகே நின்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கேட்டதா என்று எப்படித் தெரியும்? அதைச் சொல்லக்கூடியவன் அந்தக் கடைசி வரிசைக்காரன்தான். மறுபக்கம், ‘நன்கு தயாரித்து வந்தார்’ என்ற வரி சக மாணவர் தாளில் இருக்கிறது. இரவு அவள் வீட்டில் எத்தனை முறை சொல்லிப் பார்த்தாள் என்பது பக்கத்து பெஞ்சுத் தோழிக்குத் தெரியுமா? வேகமாக ஒப்பிப்பவரைப் பார்த்து, நன்றாகத் தயாரித்திருக்கிறார் என்று குறி போடுவார்கள். தானே யோசித்து, சொல் தேடித் தேடிப் பேசியவளுக்கு ‘முயற்சி தேவை’ கிடைக்கும்.

பேசியவருக்கு மட்டுமே தெரிந்தவை மூன்று: எதைச் சொல்ல நினைத்தேன், எங்கே தடுமாறினேன், ஏன் தடுமாறினேன். கேட்டவருக்கு மட்டுமே தெரிந்தவையும் மூன்று: என்ன காதில் விழுந்தது, என்ன மனத்தில் தங்கியது, எந்த இடத்தில் குழப்பம் வந்தது. இந்த ஆறையும் உரிய ஆளிடம் கேட்டுவிட்டால், மீதி எதையும் கேட்கத் தேவையில்லை என்பது என் கருத்து. உடல்மொழி, தன்னம்பிக்கை என்பவற்றை நான் இரண்டு தாள்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். தன்னம்பிக்கையைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்த்துவிட்டதாக நினைப்பவர்கள் பெரும்பாலும் சத்தத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஆஸ்திரேலியக் கல்வியியலாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம். மாணவர் தன் வேலையைத் தானே திருத்திக்கொள்ள மூன்று வேண்டும் என்கிறார் அவர்: எட்ட வேண்டிய தரம் எது என்று தெரிந்திருக்க வேண்டும், தன் இப்போதைய நிலையை அதனோடு ஒப்பிட முடிய வேண்டும், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும். நம் படிவங்கள் இவற்றில் இரண்டாவதை மட்டும் செய்யச் சொல்கின்றன. தரம் எது என்று காட்டுவதில்லை. இடைவெளியைக் குறைக்க இரண்டாவது முறை பேசவிடுவதும் இல்லை. ஒரே முறை பேசி, தாளை நிரப்பி, கோப்பில் கட்டி வைத்துவிட்டால் அந்தத் தாளால் யாருக்கும் பயனில்லை.

தரம் எது என்ற கேள்வி நம் ஊரில் இன்னும் சிக்கலானது. நம் பிள்ளைகளின் மனத்தில் ‘நல்ல பேச்சு’ என்றால் பேச்சுப்போட்டிப் பேச்சுதான். ஆசிரியரோ அக்காவோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, கையை வீசி, அடுக்குமொழி தொடுத்து, குரலை உயர்த்தி இறக்கி, பரிசு வாங்கும் பேச்சு. அதன் தொடக்கமே அவைக்கும் தலைவருக்கும் நடுவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தோழர்களுக்கும் வரிசையாக வணக்கம் சொல்லி அரை நிமிடத்தைத் தின்றுவிடும். இரண்டு நிமிடப் பேச்சில் அரை நிமிடம் போனால் என்ன மிஞ்சும்? நான் தொடக்கத்தில் வணக்கத்தைச் சுருக்கியதற்கு இதுவே காரணம். போட்டிப் பேச்சு நம் மரபின் ஒரு கலை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பறைப் பேச்சின் நோக்கம் வேறு: தனக்குத் தெரிந்த ஒரு செய்தியை, அது தெரியாத இன்னொருவருக்குப் புரியவைப்பது. ‘நன்றாகப் பேசினாரா?’ என்று மொட்டையாகக் கேட்டால் வகுப்பு முழுவதும் போட்டிப் பேச்சை அளவுகோலாக வைத்துத்தான் குறி போடும். ஆகவே, எது நன்று என்பதைத் தாளின் கேள்வியே காட்ட வேண்டும்.

இப்போது தாள்களுக்கு வருகிறேன். இரண்டும் அரைப் பக்கத் தாள்கள்.

பேசுபவர் தாளை மூன்று வேளைகளில் நிரப்ப வேண்டும். பேசுவதற்கு முன், ஒரே ஒரு வரி: ‘கேட்பவர்கள் மறக்கக் கூடாது என்று நான் நினைக்கும் ஒரு செய்தி’. இதை எழுதிய பிறகு தாளை மடித்து வைத்துவிட வேண்டும். பேசிய உடனே, மற்றவர்கள் எதுவும் சொல்வதற்கு முன், இரண்டாவது வரி: ‘நான் தடுமாறிய இடம், அதற்குக் காரணம்’. காரணங்களைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம்: மறந்துவிட்டேன், சொல் கிடைக்கவில்லை, குறிப்பில் வரியைத் தவறவிட்டேன், எனக்கே சரியாகத் தெரியவில்லை. இந்த நான்கும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. மறந்தவருக்கு நான்கு சொற்கள் கொண்ட குறிப்புச் சீட்டு போதும். தனக்கே சரியாகத் தெரியாதவர் மறுபடி போய் விசாரித்துவிட்டு வர வேண்டும். மூன்றாவது வரியைக் கேட்டவர்களின் தாள்கள் கைக்கு வந்த பிறகு எழுத வேண்டும்: ‘என் செய்தியை எழுதியவர்கள் எத்தனை பேர்? அடுத்த முறை நான் மாற்றப்போகும் ஒன்று எது?’

கேட்பவர் தாளில் எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்றுதான்: ‘பேச்சிலிருந்து எனக்கு நினைவிருக்கும் இரண்டு செய்திகள்’. அதோடு ஆளுக்கு ஒரு தனி வேலை. ஒருவர் கண்ணைக் கவனிக்கிறார்: பேசுபவர் குறிப்பிலிருந்து தலைநிமிர்ந்து கேட்பவர்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுகிறார். முதல் நிமிடத்துக்கு ஒரு கட்டம், இரண்டாவது நிமிடத்துக்கு இன்னொரு கட்டம். அடுத்தவர் தள்ளி உட்கார்ந்து குரலைக் கவனிக்கிறார்: காதில் விழாத சொல்லையோ வாக்கியத்தின் முனையையோ எழுதுகிறார். மூன்றாமவர் கோவையைக் கவனிக்கிறார்: முதலில், பிறகு, அதனால், ஆனால் போன்ற இணைப்புச் சொற்கள் வரும்போது குறித்துக்கொள்கிறார். நான்காமவர் தனக்குப் புரியாமல் போன இடத்தைக் கேள்வியாக எழுதுகிறார். ஐந்தாமவர் நேரம் பார்க்கிறார், ஒரு நிமிடம் ஆனதும் விரலை உயர்த்துகிறார். ‘மிக நன்று’ என்ற கட்டம் எந்தத் தாளிலும் இல்லை.

ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்ததற்குக் காரணம் உண்டு. பத்து வரிகளையும் ஒருவரே நிரப்ப வேண்டும் என்றால் பிள்ளை பேச்சைக் கேட்காது, தாளைத்தான் பார்க்கும். தலை குனிந்த வகுப்பைப் பார்த்துப் பேசுவதும் கொடுமை. பேச்சு நடக்கும்போது கோடு போடுவதும் ஓரிரு சொல் குறிப்பதும் மட்டும்தான். ‘நினைவிருக்கும் செய்தி’யை முடிந்த பிறகே எழுத வேண்டும், இல்லாவிட்டால் அது நினைவு ஆகாது, சொல்வதெழுதுதல் ஆகிவிடும்.

பெரியவர்களுக்கே பத்து வரிகள் கனமானவை. கல்லூரி மாணவர்களின் சக மதிப்பீடு ஆசிரியர் மதிப்பீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 48 ஆய்வுகளைத் தொகுத்து நான்சி ஃபால்சிகோவ், ஜூடி கோல்ட்ஃபின்ச் இருவரும் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலையைப் பல கூறுகளாக உடைத்துத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொன்னபோது ஒத்துப்போவது குறைந்தது. நன்கு புரிந்த அளவுகோலை வைத்து முழுமையாக ஒரு தீர்ப்புச் சொல்லச் சொன்னபோது கூடியது. கல்லூரிக்கான முடிவை அப்படியே ஏழாம் வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. இருந்தாலும், வரிகளைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்ற நம் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதற்கு இது போதும்.

அடுத்தது கணக்கு. வகுப்பில் 36 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் பேச்சுக்கும் மற்ற 35 பேரும் தாள் நிரப்பினால் 1,260 தாள்கள். யாரும் படிக்கப்போவதில்லை. ஆறு பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரித்தால், ஒவ்வொருவரும் தம் குழுவின் ஐந்து பேர் முன் பேசலாம். இரண்டு நிமிடம் பேச்சு, இரண்டு நிமிடம் எழுத, ஒரு நிமிடம் தாள்களைக் கொடுத்து ஆள் மாற. ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம், ஆறு பேருக்கு முப்பது. 40 நிமிடப் பாடவேளைக்குள் வகுப்பு முழுவதும் பேசிவிடும். ஒரே அறையில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சல்தான், மறுக்கவில்லை. இரண்டு குழுக்களை வராந்தாவுக்கும் இரண்டைக் கொன்றை மரத்தடிக்கும் அனுப்புங்கள். தலைமையாசிரியர் கேட்டால் பாடம் நடக்கிறது என்று சொல்லுங்கள்.

தாளைக் கையில் கொடுத்த அன்றே பிள்ளைகள் சரியாக நிரப்பமாட்டார்கள். அதற்கு முன் ஒரு பாடவேளை தேவை. அந்தப் பாடவேளையில் பேச வேண்டியவர் ஆசிரியர். வேண்டுமென்றே குறைகளோடு இரண்டு நிமிடம் பேசுங்கள்: குறிப்பைப் பார்த்துப் படியுங்கள், வாக்கியத்தின் முடிவில் குரலை விழுங்குங்கள், முக்கியமான செய்தியைக் கடைசிப் பத்து நொடிக்குத் தள்ளுங்கள். வகுப்பு தாள் நிரப்பட்டும். பிறகு நாலைந்து தாள்களை வாங்கி, எழுதியதைக் கரும்பலகையில் போடுங்கள். ‘நல்லா இருந்துச்சு மிஸ்’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். அதையும் போடுங்கள். பக்கத்தில், ‘கடைசி வாக்கியம் கேட்கவில்லை’ என்று எழுதியிருப்பதைப் போடுங்கள். இதில் எதை வைத்து நான் நாளைக்குத் திருத்திக்கொள்ள முடியும் என்று கேளுங்கள். பதில் வகுப்பிலிருந்தே வரும். ஆசிரியரின் குறையைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் உற்சாகத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோழனின் குறையைச் சொல்லக் கூசும் பிள்ளை ஆசிரியரின் குறையைச் சொல்லிப் பழகிவிடும்.

நான் பல வகுப்புகளில் பார்த்ததை ஒன்றாக்கி, ஒரே மாணவியின் கதையாகச் சொல்கிறேன். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம், ஏழாம் வகுப்பு. பணி: ‘எங்கள் ஊரில் நீங்கள் அறியாத ஒன்று’. அந்தப் பெண் தன் ஊர்க் கண்மாயைப் பற்றிப் பேசுகிறாள். பேசும் முன் தாளில் அவள் எழுதியது: ‘வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அதனால் மழை பெய்தாலும் கண்மாய் நிறைவதில்லை’. ஏழாம் வகுப்புக்கு அருமையான செய்தி. காரணமும் விளைவும் இருக்கிறது, தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

பேசினாள். வணக்கம் இருபது நொடி. கண்மாய் எவ்வளவு பெரியது, கரையில் அய்யனார் கோயில், புரவி எடுப்பு, தண்ணீர் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழா, ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டி எல்லாம் இறங்குவது. ஒன்றரை நிமிடம் கடந்த பிறகுதான் வரத்துக்காலுக்கு வந்தாள். நேரம் பார்த்தவன் முகத்தைப் பார்த்ததும் அவசரப்பட்டாள், குறிப்பைப் பார்த்து வேகமாகப் படித்து முடித்தாள்.

ஐந்து தாள்கள் வந்தன. நினைவிருக்கும் செய்தியில் ஐந்து பேரும் மீன்பிடித் திருவிழாவை எழுதியிருந்தார்கள். நான்கு பேர் அய்யனார் கோயில். வரத்துக்காலை எழுதியவன் ஒருவன், அவனும் ‘முள்மரம் இருக்கு’ என்று மட்டும். கண்ணைக் கவனித்தவளின் தாளில் முதல் நிமிடத்தில் ஒன்பது கோடுகள், இரண்டாவதில் இரண்டு. குரலைக் கவனித்தவன் எழுதியது: ‘கால்வாய் பற்றிச் சொன்னது வேகமாக இருந்தது, கடைசி வரி கேட்கவில்லை’. கோவையைக் கவனித்தவள் ‘அப்புறம்’ என்ற சொல்லுக்கு நேரே எட்டுக் கோடுகள் போட்டிருந்தாள். ‘அதனால்’ என்பதற்கு ஒன்று. கேள்வி எழுதும் பையன் நேரடியாகவே கேட்டிருந்தான்: ‘மரத்துக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?’

அவளுடைய தாளின் இரண்டாவது வரியில் அவள் எழுதியிருந்தது: ‘தடுமாறவில்லை’. உண்மைதான், தடுமாறவில்லை. பழைய படிவமாக இருந்தால் தனக்குத்தானே ‘மிக நன்று’ போட்டிருப்பாள், தோழிகளும் போட்டிருப்பார்கள், பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியரும் போட்டிருக்கலாம். குரல் நன்று, உச்சரிப்பு நன்று, சுவையாகவும் பேசினாள். ஆனால் சொல்ல வந்தது போய்ச் சேரவில்லை. அவள் மடித்து வைத்த முதல் வரியும் ஐந்து பேர் நினைவில் எழுதியதும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோதுதான் அது தெரிந்தது. இரண்டு தாளிலும் ஒரே கேள்விகள் இருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை.

ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நீ தலைப்பை விட்டு விலகிவிட்டாய்’ என்று எந்தப் பிள்ளையும் எழுதவில்லை. எண்ணியதையும் கேட்டதையும் மட்டும் எழுதினார்கள். தீர்ப்பை அவளே எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வரியில் எழுதினாள்: ‘ஒரு ஆள். வரத்துக்காலை முதலிலேயே சொல்வேன், படம் போட்டுக் காட்டுவேன்’. இரண்டு நாள் கழித்து அதே குழுவில் மறுபடி பேசினாள். கண்மாயையும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயையும் சிலேட்டில் கோடாக வரைந்து, நடுவில் மரம் மண்டிய இடத்தைச் சுழித்துக் காட்டினாள். மீன்பிடித் திருவிழாவைக் கடைசியில் வைத்தாள்: தண்ணீர் நிறையாத ஆண்டில் திருவிழாவும் இல்லை என்று. இந்த முறை நான்கு பேர் வரத்துக்காலை எழுதினார்கள். கேட்டதையே மறுபடி கேட்டதால் கொஞ்சம் கூடியிருக்கும், அதை நான் மறைக்கவில்லை. ஐயம் உள்ளவர்கள் இரண்டாவது பேச்சை வேறு குழுவில் வைத்துப் பார்க்கலாம், நான் அதைத்தான் விரும்புவேன்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். ‘பிழையற்ற தூய தமிழில் பேசினாரா?’ என்ற வரி பல படிவங்களில் இருக்கிறது. வகுப்பில் அது என்ன வேலை செய்கிறது தெரியுமா? ‘கொச்சையாகப் பேசினான்’, ‘அவங்க தெருப் பாஷை’ என்று எழுத அனுமதி கொடுக்கிறது. ஒரு பிள்ளையின் வீட்டுப் பேச்சை வைத்து அதன் ஊரையும் சாதியையும் இடிக்க நாமே தாள் அச்சிட்டுக் கொடுத்ததாக ஆகிறது. வட்டாரத் தமிழ் பேசும் பிள்ளைகளைத் தவிர, வீட்டில் தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ இந்தியோ பேசிவிட்டு வரும் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். மொழியைப் பற்றிக் கேட்பவரிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்றுதான்: ‘எனக்குப் புரியாத சொல் எது?’ அதற்குப் பேசியவர் பொருள் சொல்வார், வகுப்புக்கு ஒரு வட்டாரச் சொல் கிடைக்கும். மேடைத் தமிழுக்கு எப்போது மாற வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் வேலை, பக்கத்து பெஞ்சின் வேலை இல்லை.

‘தடங்கலின்றிப் பேசினாரா?’ என்ற வரியும் இப்படித்தான். திக்குவாய் உள்ள பிள்ளைக்கு ஐந்து தோழர்கள் ‘முயற்சி தேவை’ என்று குறி போட்டுக் கொடுத்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கே வராது. தடுமாற்றத்தைப் பேசியவரின் தாளில் மட்டும் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏழாம் வகுப்பிலும் வேகமாக எழுத வராத பிள்ளைகள் இருப்பார்கள். கண்ணையும் நேரத்தையும் கவனிக்கும் வேலையை அவர்களுக்கு முதலில் கொடுங்கள், நினைவிருக்கும் செய்தியை வாயால் சொல்லவிட்டு இன்னொருவர் எழுதட்டும். ஆனால் வேலைகள் சுற்றி வர வேண்டும். ஒரே பிள்ளை எப்போதும் கோடு மட்டும் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

எழுதியவர் பெயர் தாளில் இருக்க வேண்டுமா என்று ஆசிரியர்கள் எப்போதும் கேட்பார்கள். இருக்க வேண்டும் என்பேன். பெயர் இல்லாத தாளில்தான் பட்டப்பெயர்கள் வருகின்றன.

மதிப்பெண்ணுக்கு வருவோம். வளரறி மதிப்பீட்டில் ஒரு செயல்பாட்டுக்கு ஆசிரியர் மதிப்பெண் போட்டே ஆக வேண்டும், அது நம் கையில் இல்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணைப் பிள்ளைகளின் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. தோழன் போடும் குறி பதிவேட்டில் ஏறும் என்று தெரிந்த நொடியில் பேரம் தொடங்கிவிடும்: நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன். தனக்குத்தானே போடும் குறி ஏறும் என்றால் துணிச்சல்காரன் பத்துக்குப் பத்தும், கூச்சக்காரப் பெண் ஆறும் போட்டுக்கொள்வார்கள், அது பேச்சை அளக்காது, குணத்தை அளக்கும். தாளின் மூலையில் ஆசிரியர் எழுதும் எண்ணும் அந்தத் தாளைக் கெடுக்கும். ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேலில் ஏறக்குறைய இதே வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு நன்கு அறியப்பட்டது. ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் கருத்து மட்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார். கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் அடுத்தடுத்த வேலையும் மேலாக இருந்தன. இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண்ணைப் பார்த்த பிறகு பிள்ளைகள் பக்கத்திலிருந்த கருத்தைப் பொருட்படுத்தவில்லை.

தாள்கள் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது, பத்து நிமிடம் போதும். ஒரு குழுவின் தாள்களை எடுத்து, பேசியவர் பெயர்களை ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிட்டுக் கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு தாளும் யாருடைய பேச்சைப் பற்றியது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். எந்தத் தாளையும் எவருக்கும் கொடுத்துவிடலாம் என்று இருந்தால், ‘அருமை’, ‘சூப்பர்’, ‘இன்னும் முயற்சி செய்’ என்றே இருந்தால், பிள்ளைகளைக் கோபிக்காதீர்கள். கேள்வி மோசமாக இருக்கிறது, அல்லது நீங்கள் மாதிரிப் பேச்சுப் பேசாமலேயே தாளைக் கொடுத்துவிட்டீர்கள். கண்ணைக் கவனித்த தாள்கள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை இருந்தால் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பேசியவரின் மூன்றாவது வரியில் ‘இன்னும் நன்றாகப் பேசுவேன்’ என்று இருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, எதை மாற்றுவாய் என்று கேளுங்கள். எந்தச் சொல்லை, எந்த இடத்தை என்று சொல்லத் தெரியும்வரை அந்த வரி நிரம்பவில்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் எழுதுவது செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதைக் காட்டும். செய்தி சரியா என்பதைக் காட்டாது. சீமைக்கருவேலம் கால்வாயை அடைப்பதால்தான் கண்மாய் நிறையவில்லையா, அல்லது மேலே இன்னொரு ஊர் நீரை மறித்துக்கொண்டதாலா என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தவறான தகவலை நன்றாகச் சொன்னவளுக்கும் ஐந்து பேரும் சரியாக நினைவு வைத்து எழுதித் தருவார்கள். அந்த இடத்தில் ஆசிரியர் இல்லாமல் முடியாது. ஆறு குழுக்களிடையே நடந்து, ஒவ்வொரு குழுவிலும் ஒரு பேச்சையாவது முழுமையாகக் கேளுங்கள். தகவல் பிழை கண்டால் அன்றே அந்தப் பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த பருவத்தில் பேச்சுப் பணி வைக்கும்போது ஒரே தாளை இரண்டு தலைப்பில் நகலெடுக்காதீர்கள். பேசுபவருக்கு ஒன்று, கேட்பவருக்கு வேறொன்று எழுதுங்கள். அந்தத் தாள்களில் உள்ள எதையும் மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். அவற்றைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரமே இன்னொரு முறை பேசவிடுங்கள்.